முதலில் அளவு நாடா, பிறகு நாற்காலி

என் தங்கை திருநெல்வேலியில் இருந்தபடியே பெங்களூரு மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு வேலை பார்க்கிறாள். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் இரவு ஏழு ஆகும் எழுந்திருக்க. முதல் வருடம் சாப்பாட்டு மேசையும் பிளாஸ்டிக் நாற்காலியுமாக ஓட்டினாள். இடுப்பு வலி வந்ததும் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு நல்ல நாற்காலி ஒன்றை ஆன்லைனில் வாங்கினாள். வலைப்பின்னல் முதுகு, இடுப்புத் தாங்கல், கைதாங்கி, தலைதாங்கி என்று எல்லாமே அதில் இருந்தன. ஆனால் ஒன்றரை மாதத்தில் வலி இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறியது. சாயங்காலம் ஆனால் பின்தொடை மரத்துப்போனது.

“அண்ணே, ஏமாத்திட்டாங்களா?” என்று கேட்டாள்.

போய்ப் பார்த்தேன். நாற்காலியில் குறையே இல்லை. மேசை 75 சென்டிமீட்டர் உயரம். கீபோர்டு கைக்கு எட்ட வேண்டும் என்று நாற்காலியை முழு உயரத்துக்கு ஏற்றியிருந்தாள். கால் தரையில் படவில்லை. பட வைக்க இருக்கையின் நுனிக்கு நகர்ந்து, பெருவிரலை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். முதுகுக்கும் சாய்மானத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. பதினெட்டாயிரம் ரூபாயில் பெரும்பங்கு எதற்காகக் கொடுத்தாளோ, அந்த இடுப்புத் தாங்கல் நாள் முழுக்க வெறும் காற்றைத் தாங்கிக்கொண்டிருந்தது.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் பலருக்கு நேர்வது இதுதான். நாற்காலியைத் தனியாகவும் மேசையைத் தனியாகவும் வாங்குகிறோம். இரண்டையும் நம் உடம்போடு சேர்த்துக் கணக்குப் போடுவதில்லை. கணக்கு கடினமானதல்ல. மூன்றே அளவுகள் போதும்.

வெறுங்காலோடு மூன்று அளவுகள்

அளவெடுக்கும்போது செருப்பு, ஷூ வேண்டாம். நம் வீடுகளில் வெறுங்காலோடுதான் இருக்கிறோம். அலுவலக நாற்காலியின் உயரமோ ஷூ போட்ட காலை மனதில் வைத்து அமைக்கப்பட்டது. இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம் அங்கேயே வந்துவிடுகிறது.

பலகை போன்ற, அழுத்தினால் அமுங்காத ஓர் இருக்கையில் பாதம் முழுதும் தரையில் படும்படி உட்காருங்கள். உயரம் போதாவிட்டால் காலடியில் புத்தகங்களை வைத்து, அளவைப் புத்தகத்தின் மேலிருந்து எடுங்கள். இன்னொருவர் அளந்து சொல்வது நல்லது.

முதல் அளவு, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை. இருக்கையின் உயரம் இதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இருக்கையின் முன்விளிம்பு பின்தொடையை அழுத்தும். தங்கைக்குக் கால் மரத்தது இதனால்தான்.

இரண்டாவது, புட்டத்தின் பின்பக்கத்திலிருந்து அதே முழங்கால் மடிப்பு வரையான நீளம். இருக்கையின் ஆழம் இதைவிட இரண்டு, மூன்று விரற்கடை குறைவாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, தோளைத் தளர்த்தி, கையைத் தொங்கவிட்டு, முழங்கையை மடக்கிக்கொண்டால் உட்காரும் பரப்பிலிருந்து முழங்கை வரை வரும் உயரம். இருக்கையின் உயரத்தோடு இதைக் கூட்டினால் கீபோர்டு எந்த மட்டத்தில் இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

தங்கையின் உயரம் 154 சென்டிமீட்டர். அவளுடைய அளவுகள் முறையே 38, 45, 21. அதாவது, கால் தரையில் படிய உட்கார்ந்தால் அவள் முழங்கை தரையிலிருந்து 59 சென்டிமீட்டரில் இருக்கும். மேசையோ 75. அதன்மேல் கீபோர்டின் பருமன் இரண்டு. இந்தப் பதினெட்டு சென்டிமீட்டர் இடைவெளியை ஏதாவது ஒன்று ஈடுகட்டியாக வேண்டும். நாற்காலியை ஏற்றினால் கால் தொங்கும். ஏற்றாவிட்டால் தோள் நாள் முழுக்கத் தூக்கியபடியே இருக்கும். அவள் பாதியை நாற்காலியாலும் மீதியைத் தோளாலும் ஈடுகட்டியிருந்தாள்.

இது அவள் குட்டையாக இருப்பதால் வந்த வினை என்று நினைக்க வேண்டாம். அவள் கணவர் 172 சென்டிமீட்டர். அவருடைய அளவுகள் 43, 48, 23. அவருக்கும் முழங்கை 66இல்தான் நிற்கிறது. எழுதவும் சாப்பிடவும் செய்யப்பட்ட 75 சென்டிமீட்டர் மேசை தட்டச்சுக்கு அவருக்கே உயரம்தான்.

இடுப்புத் தாங்கல் என்ன செய்கிறது

நிற்கும்போது நம் முதுகெலும்பு கீழ்முதுகில் முன்பக்கமாக லேசாக வளைந்திருக்கிறது. உட்கார்ந்ததும் தொடை மடங்க, இடுப்புக்கூடு பின்பக்கமாக உருள்கிறது. அதோடு அந்த வளைவும் தட்டையாகிவிடுகிறது. இன்னும் முன்னால் குனிந்தால் வளைவு திசைமாறி முதுகு கூன்போடும். அப்போது எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டுகளின் முன்பகுதி நசுங்குகிறது. பின்பக்கத் தசைநார்கள் இழுபடுகின்றன. சில நிமிடங்களுக்கு உடம்பு இதைப் பொறுத்துக்கொள்ளும். பத்து மணி நேரம் பொறுக்காது.

வட்டுக்குள் அழுத்தம் எவ்வளவு என்பதை உயிருள்ள மனிதர்களிடமே அளந்தவர் சுவீடன் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன். 1960களில் அவர் தொடங்கிய வேலை அது. பின்னர் 1999இல் ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள் ஒரு தன்னார்வலரின் வட்டில் நுண்ணிய அழுத்தமானியைப் பொருத்திப் பல நிலைகளில் அளந்து வெளியிட்டார்கள். சாய்மானம் இல்லாமல் சாதாரணமாக உட்கார்ந்தபோது இருந்த அழுத்தம், நன்றாக முன்குனிந்தபோது ஏறக்குறைய இருமடங்கானது. பின்னால் நன்கு சாய்ந்தபோது கணிசமாகக் குறைந்தது. ஒரே ஒருவரிடம் செய்த அளவு என்பதால் எண்களை எல்லோருக்கும் பொருத்த முடியாது. ஆனால் போக்கு தெளிவாகத் தெரிகிறது. முதுகைச் சாய்த்தால் மேலுடம்பின் பாரத்தில் ஒரு பங்கைச் சாய்மானம் வாங்கிக்கொள்கிறது.

ஆகவே, பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி விறைப்பாக நிமிர்ந்து உட்கார வேண்டியதில்லை. முதுகுக்கும் தொடைக்கும் நடுவே நூறிலிருந்து நூற்றுப்பத்து பாகை வரை இருக்கும்படி லேசாகச் சாய்ந்து, கீழ்முதுகு தாங்கலில் படிய உட்கார்ந்தால் போதும்.

தாங்கல் எங்கே பட வேண்டும் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றுங்கள். பக்கவாட்டில் எலும்பின் மேல்விளிம்பு தட்டுப்படும். பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே, அந்த மட்டத்தில்தான் தாங்கலின் புடைப்பு இருக்க வேண்டும். உட்கார்ந்து அமுங்கிய இருக்கையிலிருந்து அளந்தால், பெரும்பாலோருக்கு இது பதினேழிலிருந்து இருபத்திரண்டு சென்டிமீட்டருக்குள் வரும். நகராத தாங்கல் உயரமானவருக்கு இடுப்பெலும்பிலும் குட்டையானவருக்கு விலாவிலும் குத்தும். அதனால் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய தாங்கல் அவசியம். முன்னும் பின்னும் தள்ளும் வசதியும் இருந்தால் இன்னும் நல்லது.

இத்தனையும் பயன்பட ஒரு நிபந்தனை உண்டு. முதுகு தாங்கலைத் தொட வேண்டும். அதைத் தீர்மானிப்பது சாய்மானம் அல்ல, இருக்கையின் ஆழம். ஆழம் அதிகமானால் முன்விளிம்பு முழங்கால் மடிப்பில் இடிக்கும். இடிக்கவே, நாம் முன்னால் நகர்வோம். முதுகு தாங்கலை விட்டுப் போய்விடும்.

நாற்காலியில் எதற்குக் காசு கொடுக்கலாம்

“எர்கோனாமிக்” என்று அட்டைப்பெட்டியில் அச்சிட யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. விளம்பரத்தில் வரும் பிஃப்மா சோதனையும் பெரும்பாலும் நாற்காலியின் உறுதியையும் பாதுகாப்பையும் பற்றியது. பல்லாயிரம் முறை உட்கார்ந்து எழுந்தாலும் அது உடையாது என்று சொல்கிறதே தவிர, உங்களுக்குப் பொருந்தும் என்று சொல்வதில்லை. 1994இல் வெளிவந்து உலகப் புகழ்பெற்ற ஏரான் நாற்காலியையே மூன்று அளவுகளில்தான் விற்றார்கள். ஒரே நாற்காலி எல்லோருக்கும் சரிவராது என்பதை அதைச் செய்தவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்றுதான் இதற்குப் பொருள்.

முதலில் விவரப்பட்டியலில் இருக்கையின் மிகக் குறைந்த உயரத்தைத் தேடுங்கள். எல்லோரும் எவ்வளவு உயரும் என்று பார்க்கிறார்கள். நமக்குத் தேவை எவ்வளவு இறங்கும் என்பது. பல நாற்காலிகள் 44, 45 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்காது. முழங்கால் மடிப்பு 38இல் இருப்பவருக்குப் பாதப்பலகை இல்லாமல் அந்த நாற்காலி ஆகாது.

இரண்டாவது, இருக்கை முன்னும் பின்னும் நகருமா என்று பாருங்கள். சீட் ஸ்லைடர் என்று போட்டிருப்பார்கள். ஒரு நாற்காலியை இருவர் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் தலைதாங்கியைவிட இது பல மடங்கு பயன்படும்.

மூன்றாவது, சாயும் விதம். விலை குறைந்தவற்றில் இருக்கையும் சாய்மானமும் ஒரே துண்டாக ஊஞ்சல் போல ஆடும். சாய்ந்தால் முன்விளிம்பு மேலே எழும்பிக் காலைத் தூக்கிவிடும். சிங்க்ரோ டில்ட் உள்ளவற்றில் சாய்மானம் அதிகமாகவும் இருக்கை கொஞ்சமாகவும் சாயும். பாதம் தரையிலேயே இருக்கும். அடியில் உள்ள திருகைத் திருப்பி, உங்கள் எடைக்கு ஏற்ப இறுக்கத்தை மாற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். லேசாகச் சாய்ந்தால் அது உங்களைத் தாங்கி நிற்க வேண்டும். தள்ளவும் கூடாது, பின்னால் விழவும் விடக் கூடாது.

நான்காவது, கைதாங்கி. உயரம் மாற்ற முடியாத கைதாங்கியைவிட அது இல்லாமலிருப்பதே மேல். உயரமான கைதாங்கி தோளைத் தூக்கும். அதோடு மேசை விளிம்பில் இடித்து, உங்களை மேசையை நெருங்கவிடாமல் நிறுத்திவிடும்.

வலைப்பின்னலா பஞ்சா என்ற கேள்வி இவற்றுக்குப் பிறகுதான். நம் ஊர் வெயிலுக்கு முதுகில் வலைப்பின்னல் சுகம். இருக்கை பஞ்சாக இருந்தால் அடர்த்தியான பஞ்சாக இருக்கட்டும். உட்கார்ந்தபின் அடிப்பலகை தட்டுப்பட்டால் வேண்டாம். டைல்ஸ் தரைக்குக் கடினமான நைலான் சக்கரத்தைவிட மிருதுவான பாலியூரிதேன் சக்கரம் ஏற்றது. வழுக்கி ஓடாது, தரையையும் கீறாது.

ஆன்லைனில் வாங்குவதற்கு முன் கடைக்குப் போய் ஒரு நாற்காலியிலாவது இருபது நிமிடம் உட்காருங்கள். இரண்டு நிமிடத்தில் எல்லா நாற்காலியும் நன்றாகத்தான் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள்.

ஏறி இறங்கும் மேசையில் ஒரு பொறி

மோட்டார் வைத்த மேசை இப்போது பரவலாகக் கிடைக்கிறது. நின்றும் வேலை செய்யலாம் என்பதுதான் அதன் விளம்பரம். ஆனால் உட்கார்ந்தபோது அது எவ்வளவு இறங்கும் என்று கேளுங்கள். கால் இரண்டு அடுக்காக நீளும் மேசைகள் பெரும்பாலும் 70 சென்டிமீட்டருக்குச் சற்று மேலேயே நின்றுவிடும். பலகையின் பருமனையும் சேர்த்தால் பழைய சாப்பாட்டு மேசையின் உயரத்துக்கே வந்துவிடுவோம். மூன்று அடுக்குக் கால் உள்ளவை அறுபது, அறுபத்திரண்டு வரை இறங்கும். விலை அதிகம். ஆனால் 160 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர்களுக்கு அதுதான் உண்மையில் பயன்படும். இதைக் கேட்காமல் வாங்கினால், நிற்பதற்குச் சரியாகவும் நாள் முழுக்க உட்காருவதற்குத் தவறாகவும் ஒரு மேசை வீட்டுக்கு வந்து சேரும்.

அவ்வளவு செலவு செய்ய முடியாதவர்களுக்கு நம் ஊரில் ஒரு நல்ல வழி இருக்கிறது. வெல்டிங் பட்டறையில் நம் அளவுக்கு மேசை செய்துவிடலாம். தங்கை வீட்டில் அதைத்தான் செய்தோம்.

ஒரு வீட்டின் கணக்கு

நாற்காலியை மாற்றவில்லை. அது 44 சென்டிமீட்டர் வரை இறங்கும். நல்லவேளையாக இருக்கை நகரும் வகை. ஆழத்தை 42 வரை குறைக்க முடிந்தது.

தங்கையின் முழங்கால் மடிப்பு 38. நாற்காலியை 44இல் வைத்தால் கால் ஆறு சென்டிமீட்டர் எட்டாது. ஆறு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பாதப்பலகை வைத்தால் சரியாகிவிடும். இருக்கை 44, முழங்கை அதற்குமேல் 21. கூட்டினால் 65.

மாப்பிள்ளைக்கு முழங்கால் மடிப்பு 43. அதே 44இல் உட்காரலாம். ஒரு சென்டிமீட்டர் பொருட்டல்ல, இருக்கை அவ்வளவு அமுங்கும். பலகையை ஓரமாகத் தள்ளிவிட்டால் போதும். இருக்கை 44, முழங்கை 23. கூட்டினால் 67.

ஒருவருக்கு 65, இன்னொருவருக்கு 67. கீபோர்டு 66இல் இருந்தால் இருவருக்கும் பொருந்தும். கீபோர்டின் பருமன் இரண்டைக் கழித்தால் மேசை 64. பதினெட்டு சென்டிமீட்டர் உயர வித்தியாசம் உள்ள இருவருக்கு ஒரே மேசை, ஒரே நாற்காலி. நடுவில் மாறுவது ஒரு மரப்பலகை மட்டும்.

முதலில் பழைய சாப்பாட்டு மேசையின் காலை ஆசாரியிடம் சொல்லி அறுத்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். கீழே குனிந்து பார்த்ததும் அந்த எண்ணத்தைக் கைவிட்டோம். மேற்பலகைக்கு அடியில் சுற்றிலும் பத்து சென்டிமீட்டர் அகலச் சட்டம் ஓடியது. மேசையை 64க்குக் குறைத்தால் சட்டத்தின் அடிவிளிம்பு 54க்கும் கீழே வந்துவிடும். மாப்பிள்ளையின் தொடை மேல்மட்டமோ 59. கால் உள்ளேயே போகாது. மேசையைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். டிராயர் வைத்த மேசைக்கும் இதே சிக்கல் உண்டு.

அதனால் சதுரக்குழாயில் புதிய கால், அதன்மேல் 18 மில்லிமீட்டர் பிளைவுட் என்று செய்யச் சொன்னோம். முன்பக்கம் குறுக்குக்குழாய் வேண்டாம், பின்பக்கம் மட்டும் போதும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம். அகலம் 120, ஆழம் 70. முன்விளிம்பை உருட்டித் தேய்த்தார்கள், மணிக்கட்டில் அறுக்காமலிருக்க.

மடிக்கணினி மேசையைக் கெடுக்கும்

இவ்வளவும் செய்தபின் மடிக்கணினியை அப்படியே மேசையில் வைத்தால் கழுத்து தொங்கும். திரையும் கீபோர்டும் ஒன்றாக ஒட்டியிருப்பதால் கைக்குச் சரியான உயரம் கண்ணுக்குத் தவறாகிறது. கழுத்து குனிய, முதுகும் அதன் பின்னால் போய்விடும். தாங்கல் மறுபடியும் வெறுமனே நிற்கும்.

திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ, ஒரு கை நீளத் தூரத்தில் இருக்க வேண்டும். மடிக்கணினியைப் புத்தகங்களின்மேல் ஏற்றி வைத்துவிட்டுத் தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்கிக்கொள்ளுங்கள். இருபெருக்குக் கண்ணாடி போடுபவர்கள் மட்டும் திரையை இன்னும் கொஞ்சம் தாழ்த்த வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் பார்க்க முகத்தைத் தூக்குவார்கள், கழுத்து வலிக்கும்.

சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்?

வேலையில் மூழ்கி ஒரு மணி நேரம் ஆனபின், அசையாமல் அப்படியே உங்களைக் கவனியுங்கள். முதுகு தாங்கலைத் தொடுகிறதா? முழங்கால் மடிப்புக்கும் இருக்கைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா? தோள் காதை நோக்கி ஏறியிருக்கிறதா? பாதம் முழுதும் படிந்திருக்கிறதா? நுனியில் உட்கார்ந்திருந்தால் முதுகைக் குறை சொல்லாதீர்கள். ஆழம், உயரம், திரையின் தூரம் ஆகிய மூன்றில் ஒன்று உங்களை முன்னால் இழுக்கிறது.

எந்த நாற்காலியும் பத்து மணி நேரம் தொடர்ந்து உட்கார அனுமதிச் சீட்டு அல்ல. வட்டுகளுக்கு நேரடி இரத்த ஓட்டம் கிட்டத்தட்ட இல்லை. அழுத்தம் ஏறி இறங்கும் அசைவு அவற்றுக்குத் தேவை. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலே போதும். நாள் முழுக்க நிற்பதும் தீர்வல்ல, அது காலையும் இடுப்பையும் வேறு விதமாகச் சோர்வாக்கும். வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலும், கால் பலவீனமானாலும், மரத்துப்போவது நீடித்தாலும் நாற்காலியை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கழிப்பதில் மாற்றம் தெரிந்தால் அன்றைக்கே போய்விடுங்கள்.

தங்கைக்குத் தோள்வலி மூன்று வாரத்தில் குறைந்தது. கால் மரப்பது முதல் வாரத்திலேயே நின்றது. நாற்காலி அதே நாற்காலிதான். உங்கள் வீட்டிலும் புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் தையல் பெட்டியில் இருக்கும் அளவு நாடாவை எடுங்கள். மூன்று எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “இது எவ்வளவு கீழே இறங்கும்?” என்பதுதான்.